கான்ட்ராக்டர் விழுங்கிய வாக்கியம்

அன்புள்ள ஐயா,
குலசேகரம் பக்கம் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். வடநாட்டுத் தொழிலாளிகள் நிறைய வருகிறார்கள். மாணவிகளுக்கு ஒரு மாத இந்தி வகுப்பு வைத்தால் போதுமா? எந்தப் புத்தகம் நல்லது?
ர.

அன்புள்ள ர.,

புத்தகம் ஏதாவது ஒன்று வாங்குங்கள். ஒரு மாத இந்தியில் கேள்வி கேட்க வரும், பதில் புரியாது. ஜார்க்கண்டிலிருந்து வருபவர் பலருக்கு வீட்டில் சந்தாலியோ சாத்ரியோதான் பேச்சு, இந்தி அவர்களுக்கும் இரவல்தான்.

நம் குமரி மாவட்டத்துக்காரர்களிடம் ஒரு மிதப்பு உண்டு. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள், விளவங்கோட்டில் இன்றைக்கும் மலையாளம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அரைகுறையாகப் பேசியே சமாளித்துவிடுவோம். அதே தைரியத்தில்தான் இந்திக்காரரிடமும் சைகையோடு நாலு வார்த்தை பேசிவிட்டு, மீதியைக் கூட வந்த கான்ட்ராக்டர் தலையில் கட்டுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு காசநோயாளியின் கதை. டாக்டர் நன்றாகவே விளக்கினார்: ஆறு மாதம் மாத்திரை, நடுவில் நிறுத்தக் கூடாது, ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம். கான்ட்ராக்டர் ஒரே வரியில் முடித்தார். சிறுநீர் விஷயம் அவருக்கு அற்பமாகப் பட்டிருக்கும். மறுநாள் அந்த ஆள் ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டார். திரும்பி வந்தபோது இருமல் கூடியிருந்தது. "சொன்னால் கேட்க மாட்டார்கள்" என்று வார்டில் அவரையே திட்டினார்கள். யார் சொன்னது அவரிடம்? எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை.

அதிலும் வேலை கொடுப்பவன் முன்னால் யார் இருமலைப் பற்றி உண்மை சொல்வார்? மொழிபெயர்க்க, வேறு இடத்தில் வேலை பார்க்கும் ஒருவரை, நோயாளி சம்மதித்தால், போனில் பிடிக்கலாம். தொடங்கும் முன் அவரிடம் சொல்லிவிட வேண்டும்: இருவரும் சொல்வதை அப்படியே சொல்லுங்கள், கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், புரியாவிட்டால் என்னை நிறுத்துங்கள், இதை வெளியே பேசாதீர்கள். அப்புறம் நோயாளியின் முகத்தைப் பார்த்து, ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம் என்று பேச வேண்டும். "அவரிடம் கேளுங்க" என்று மொழிபெயர்ப்பவரைப் பார்த்துப் பேசினால் நோயாளி வேடிக்கை பார்ப்பவராகிவிடுவார். அவர் ஒரு நிமிடம் பேசி, உங்களுக்கு "ஒண்ணுமில்லை சிஸ்டர்" என்று வந்து சேர்ந்தால், அங்கேயே நிறுத்தித் திரும்பக் கேளுங்கள்.

"புரிந்ததா?" என்ற கேள்வியை உங்கள் மாணவிகள் விட்டொழிக்கட்டும். அதற்கு எல்லாரும் தலையாட்டுவார்கள், நானும் ஆட்டுவேன். "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கிறேன். நாளைக்குச் சிறுநீர் எந்த நிறத்தில் போகும்? போனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்க வேண்டும். பதில் நோயாளியின் வாயிலிருந்து வர வேண்டும். மொழிபெயர்ப்பவரே முந்திக்கொண்டு பதில் சொன்னால் அது கணக்கில்லை. பதில் தவறினால் அதையே சத்தமாகச் சொல்லிப் பயனில்லை. இன்னும் சின்ன வாக்கியமாக உடைத்துச் சொல்லிவிட்டு மறுபடி கேட்க வேண்டும்.

வகுப்பில் ஒருத்தியை நோயாளியாகவும் இன்னொருத்தியைக் கான்ட்ராக்டராகவும் உட்கார வையுங்கள். ஏதாவது ஒரு வாக்கியத்தை விழுங்கிவிடும்படி கான்ட்ராக்டரிடம் ரகசியமாகச் சொல்லுங்கள். எது காணாமல் போனது என்று மூன்றாமவள் கண்டுபிடிக்கும் வரை விடாதீர்கள்.