"ஏற்கெனவே ஆள் இருக்கு" என்று சொல்லும் பேக்கரிக்குள் நுழைவது எப்படி?

கேள்வி: தக்கலைப் பக்கம் கேக் பெட்டியும் ஸ்வீட் பாக்ஸும் செய்யும் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாக நாலு பேக்கரிக்குத்தான் கொடுக்கிறேன். புதுக் கடைகளில் ஏறி இறங்கினால் "ஏற்கெனவே ஆள் இருக்கு" என்று சாம்பிளைக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிடுகிறார்கள். வணிகர் சங்கத்தில் சேர்ந்தால் ஆர்டர் வருமா? எனக்குப் பெட்டி அட்டை போர்டு கொடுக்கும் டீலரிடம் அறிமுகம் கேட்கலாமா?

பதில்: போர்டு டீலரிடம் கேட்காதீர்கள். உங்களுக்கு விற்கும் அதே போர்டைத்தான் அவர் உங்கள் போட்டியாளருக்கும் விற்கிறார். அவருக்குத் தெரிந்தவர்கள் பெட்டி செய்பவர்கள். பெட்டி வாங்குபவர்கள் அல்ல. நவம்பர், டிசம்பரில் பெரிய யூனிட்டுகளுக்கு வேலை தாங்காமல் போகும்போது கட்டிங், ஒட்டு வேலையை வெளியே விடுவார்கள். அந்த ஜாப் வொர்க் வேண்டுமானால் அவர் மூலம் கிடைக்கும். பேக்கரிக்குப் போகும் வழி அவரிடம் இல்லை.

அந்த வழி, பேக்கரிக்கு மைதாவும் மார்ஜரினும் போடும் டிஸ்ட்ரிபியூட்டரிடம் இருக்கிறது. அவருடைய லைன் ஆள் வாரம் ஒரு தடவை ஒவ்வொரு பேக்கரிக்கும் போகிறார். கடை முகப்பில் நிற்காமல் நேராகப் பின்கட்டுக்குப் போய், எத்தனை மூட்டை மிச்சம் இருக்கிறது என்று பார்த்து ஆர்டர் எடுத்து, போன வாரப் பில்லுக்குப் பணமும் வாங்கி வருகிறார். எந்தக் கடையில் சனிக்கிழமை சாயங்காலம் அரைக் கிலோ பெட்டி தீர்ந்து பையனை அடுத்த கடைக்கு ஓட விடுகிறார்கள், எந்த முதலாளி சொன்ன நாளில் பணம் கொடுக்கிறார், யார் இழுத்தடிக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் விற்பது மைதா, நீங்கள் விற்பது பெட்டி. அதனால் உங்களால் அவருக்குப் போட்டி இல்லை.

அவரைப் போய்ச் சேர உங்கள் கையில் இருக்கும் நாலு பேக்கரியே போதும். "அண்ணாச்சி, மார்ஜரின் யாரு போடுறா? நம்ம பெட்டி சரியா இருக்குன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?" என்று கேளுங்கள். ஒரு போன் போதும். அதன் பிறகு லைன் ஆளை வழியில் மடக்காமல், வண்டிகள் திரும்பிக் கணக்கு முடியும் நேரத்தில் குடோனுக்கே போய் டிஸ்ட்ரிபியூட்டரைப் பாருங்கள். காலையில் லோடு ஏற்றும் நேரத்தில் போனால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

அவரிடம் என்ன கேட்கிறீர்கள் என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். "என் பெட்டியை உங்க லைன்ல போட்டு விடுங்க" என்றால் அது அவருக்குச் சுமை. வண்டியில் இடம் வேண்டும், நனையாமல் பார்க்க வேண்டும், பில் தனியாகப் போட வேண்டும். அப்படிக் கேட்காதீர்கள். பெட்டிக்கு அடிக்கடி தட்டுப்பாடு வரும் இரண்டு கடையின் பெயரையும், அந்த இரண்டு முதலாளிகளுக்கும் அவரே ஒரு போன் போட்டு "ஒரு ஆள் வருவார், பெட்டியைப் பாருங்க" என்று சொல்வதையும் மட்டும் கேளுங்கள். இருபது பெயர் கேட்டால் பட்டியல்தான் கிடைக்கும். இரண்டு கேட்டால் அவர் யோசித்துச் சொல்வார்.

அவருக்கு இரண்டு பயம் இருக்கும். உங்கள் பெட்டி கெட்டுப்போனால் பேர் அவருக்குக் கெடும். நீங்கள் கடன் கொடுத்துப் பேக்கரி முதலாளியின் தலையில் இன்னொரு பாக்கியை ஏற்றினால், அவருக்கு வர வேண்டிய பணம் தள்ளிப்போகும். முதல் பயத்துக்குச் சாம்பிள் பதில் சொல்லும். இரண்டாவதற்கு, "முதல் மூணு சப்ளை கைக்காசுதான்" என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

கமிஷன் பேச்சு வரும். லைன் ஆள் தனியாகக் கூப்பிட்டு "பெட்டிக்கு 25 பைசா" என்று கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவருடைய முதலாளிக்குத் தெரியாத காசு அது. தெரியவரும் நாளில் அறிமுகம் மொத்தமும் அறுந்துவிடும். பேக்கரிக்காரர் காதுக்குப் போனால் "அப்போ விலையில ஏத்தி வெச்சிருக்கே" என்பார். அதைவிட மதிப்பான ஒன்றை நீங்கள் திருப்பிக் கொடுக்க முடியும். புதிதாகப் பேக்கரி திறப்பவர், மைதா வாங்கும் முன்பே பெயர் அச்சடித்த பெட்டிக்கு அலைவார். அந்தச் செய்தி உங்களுக்கு முதலில் வரும். அதை டிஸ்ட்ரிபியூட்டருக்குச் சொல்லுங்கள். ஒரு புதுக் கடை அவருக்கு வருடக்கணக்கில் வியாபாரம்.

சாம்பிள் விஷயத்தில் ஒன்று. வெறும் பெட்டியைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். அந்தக் கடையின் ஒரு கிலோ கேக்கையே வைத்து, மூடி, ஐந்து பெட்டியை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி அரை மணி நேரம் விடுங்கள். அடிப்பெட்டி வயிறு தள்ளினால் போர்டு மெலிது. மூடி தானாக எழும்பினால், பெரும்பாலும் போர்டில் நார் ஓடும் திசைக்கு மாறாக வெட்டியிருப்பீர்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரம் ஏறிய போர்டு துவண்டுபோகும் என்பதால் பெட்டிகளை மடித்தபடி ஐம்பது ஐம்பதாகப் பாலிதீனில் கட்டிக் கொடுங்கள். அச்சு மை உணவில் படக்கூடாது, மை ஐ.எஸ். 15495 தரத்தில் இருக்க வேண்டும் என்று 2018-ன் உணவுப் பேக்கிங் விதிமுறை சொல்கிறது. மை கம்பெனியிடம் அதற்கான கடிதம் ஒன்று வாங்கிக் கையில் வைத்திருந்தால், நாகர்கோவிலின் பெரிய பேக்கரிகள் கேட்கும்போது தடுமாற வேண்டாம்.

நான் அருகிலிருந்து பார்த்த ஒரு கதையைச் சொல்கிறேன். இரணியல் பக்கம் இதே தொழில் செய்தவர் ஒருவர் இப்படித்தான் ஒரு டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்தார். கிடைத்தது இரண்டு பெயர்: கருங்கலில் ஒன்று, குழித்துறையில் ஒன்று. கருங்கல் கடைக்காரர் ஒரு கிலோ பெட்டியைத் தொடவே இல்லை. அதைப் பழைய ஆளே கொடுக்கட்டும் என்றார். வாரக்கடைசியில் அரைக் கிலோ பெட்டிக்கு மட்டும்தான் அவருக்குத் தட்டுப்பாடு. அச்சில்லாத வெள்ளைப் பெட்டி 200 ஆர்டர். வியாழக்கிழமையே கொண்டு சேர்த்தார். சனிக்கிழமை ஒரு கட்டுப் பெட்டியில் மூடி நிற்கவில்லை. கடைக்காரர் இவருக்குப் போன் போடவில்லை, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போட்டார். அறிமுகத்தில் வந்த கடையில் புகார் எப்போதும் அறிமுகம் செய்தவரிடம்தான் முதலில் போகும். இவர் அன்று இரவே 50 பெட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டு, நேராகக் குடோனுக்குப் போய் "மாத்திட்டேன், வெட்டினதுல தப்பு" என்று சொன்னார். நாலாவது மாதம் அந்தக் கடை, பெயர் அச்சடித்த பெட்டி ஆயிரம் எடுத்தது. ஒரு கிலோ பெட்டியும் அதில் உண்டு.

குழித்துறை கடை அமையவில்லை. 60 நாள் கடன் கேட்டார்கள். டிஸ்ட்ரிபியூட்டரிடம் விசாரித்தபோது "நானே அங்கே கைக்காசுக்குத்தான் இறக்குறேன்" என்றார். அந்த ஒரு வாக்கியம் இவருடைய பணத்தைக் காப்பாற்றியது.

கடனை அவசியம் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டுப் பேக்கரி, மாதம் தலைக்கு 400 பெட்டி, பெட்டி 10 ரூபாய் என்று வைத்தால் மாத விற்பனை 32,000. முப்பது நாள் என்று பேசி நாற்பத்தைந்து நாளில் பணம் வந்தால், எந்த நாளிலும் 48,000 ரூபாய் வெளியே நிற்கும். போர்டு உங்களுக்குக் கைக்காசு என்றால் இந்தத் தொகை கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த அறிமுகத்தைக் கேளுங்கள். உத்யம் பதிவு எடுத்து எண்ணைப் பில்லில் போடுங்கள். சிறு உற்பத்தியாளருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது, எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் 15 நாள்தான் என்கிறது 2006-ன் சட்டம். ஆனால் 8,000 ரூபாய்க்காக உள்ளூர்க் கடைக்காரர் மேல் யாரும் புகார் கொடுக்கப் போவதில்லை. பெரிய கடையோடு பேசும்போதுதான் அந்த எண் எடுபடும்.

இனி சங்கம். சேருங்கள், ஆனால் ஆர்டருக்காக அல்ல. சங்கச் செயலாளர் ஒரு உறுப்பினரைத் தூக்கி இன்னொருவரைத் தாழ்த்த முடியாது. உங்கள் பெட்டியை அவர் சிபாரிசு செய்தால், பெட்டி செய்யும் மற்றொரு உறுப்பினர் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்பார். சங்கத்தில் கிடைப்பது ஆள் பரிச்சயமும், விசாரிக்கும் வசதியும்தான். அதுவும் ஜங்ஷன் வணிகர் சங்கத்தைவிட, பேக்கரி உரிமையாளர்கள் கூடும் சங்கம் உங்களுக்கு நெருக்கம். அங்கே நீங்கள் உறுப்பினராக முடியாவிட்டாலும், கூட்டத்துக்கான பலகாரம் உங்கள் பெட்டியில் போகட்டும். எதுவும் பேசாமலே முப்பது முதலாளிகள் பெட்டியைக் கையில் பிடித்துப் பார்ப்பார்கள்.

நான் பேக்கிங் வியாபாரத்தில் இருந்த நாளில் சங்கத்தில் சேர்ந்த மறுவாரமே விலைப்பட்டியலை உறுப்பினர்கள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். அவர்கள் அதைத் தங்கள் பழைய சப்ளையரிடம் காட்டி 50 பைசா குறைத்துக்கொண்டார்கள். ஒருவர்கூட என்னிடம் மாறவில்லை. அந்த விலைக்கு மேல் நான் அடுத்த ஒரு வருடம் பேசவும் முடியவில்லை. அதனால் சங்கத்தில் விலை சொல்லாதீர்கள், வாட்ஸ்ஆப் குழுவில் போடவே போடாதீர்கள். யார் கேட்டாலும் "அளவு, எண்ணிக்கை சொல்லுங்க, கடைக்கே வந்து சொல்றேன்" என்பதே பதில்.

காலத்தையும் பாருங்கள். நம் ஊர்ப் பேக்கரிக்கு டிசம்பர்தான் அறுவடை. கிறிஸ்துமஸ் கேக்குக்கான அச்சுப் பெட்டியை அக்டோபரிலேயே முடிவு செய்துவிடுவார்கள், அதைத் தெரிந்த ஆளிடம்தான் கொடுப்பார்கள். அதற்குள் நீங்கள் தெரிந்த ஆள் ஆகியிருக்க வேண்டுமானால் ஜூன், ஜூலையில் அறிமுகம், ஓணத்துக்கு அச்சில்லாத சின்ன ஆர்டர், செப்டம்பரில் அச்சு மாதிரி. நவம்பரில் போய்க் கேட்டால் மிச்சம் மீதி வேலைதான் கிடைக்கும், அதுவும் அவர்கள் சொன்ன விலைக்கு.

களியக்காவிளை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை பேக்கரிகளின் பெயரும் டிஸ்ட்ரிபியூட்டர் வாயிலிருந்து வரும். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு வருடம் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் எல்லை தாண்டி ஒரு கட்டுப் பெட்டி விற்றாலும் பதிவு கட்டாயம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வெளி மாநிலத்துக்கு விற்கவே கூடாது. ஆடிட்டரிடம் இதை முடித்துவிட்டுப் பிறகு பாறசாலைக்கு வண்டி எடுங்கள்.