பிஎம்பி டீலா, ஓபன் எக்ஸ்சேஞ்சா? பெரிய தளங்களில் விளம்பரம் வாங்குவது பற்றிக் கேள்வி பதில்

அக்கா, எங்க கிளையன்ட்டுக்குப் பெரிய பத்திரிகைத் தளங்கள் மட்டும்தான் வேணுமாம். ஓபன்ல எல்லாமே பிராடு, பிஎம்பில பிராடே கிடையாதுன்னு எங்க மேனேஜர் சொல்றார். மொத்தத்தையும் டீல்ல போட்டுடலாமா?

பிஎம்பி என்பது பத்திரிகை தான் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் டீல் போட்டு இடம் விற்கும் தனிச் சந்தை. ஓபன் எக்ஸ்சேஞ்ச் என்பது யாரும் பிட் போடலாம் என்ற பொது ஏலம். உங்கள் மேனேஜர் சொல்வது 2017க்குப் பாதிக்கு மேல் சரி. அந்த வருடம் ஃபைனான்ஷியல் டைம்ஸ் தன் பெயரை யார் யார் விற்கிறார்கள் என்று தேடிப் பார்த்தது. 10 எக்ஸ்சேஞ்சுகளில் டிஸ்ப்ளே விளம்பரமும், 15 எக்ஸ்சேஞ்சுகளில் வீடியோ விளம்பரமும் FT.com என்ற பொய்ப் பெயரில் விற்றுக்கொண்டிருந்தன. மாதம் 10 லட்சம் பவுண்டு அளவுக்கு இந்த வியாபாரம் நடந்ததாக அவர்களே கணக்கிட்டார்கள். அன்று பத்திரிகையோடு நேரடியாக டீல் போடுவதுதான் உருப்படியான பாதுகாப்பு.

அதே 2017இல் `ads.txt` வந்தது. தன் இடத்தை விற்க யாருக்கு உரிமை உண்டு என்று பத்திரிகையே தன் தளத்தில் எழுதி வைக்கும் கோப்பு அது. ஒரு வரி இப்படி இருக்கும்:

```
google.com, pub-0000000000000000, DIRECT, f08c47fec0942fa0
```

`DIRECT` என்றால் அந்தக் கணக்கு பத்திரிகையின் கையில் இருக்கிறது. `RESELLER` என்றால் இடையில் வேறொருவர் நிற்கிறார். இன்று நாம் விளம்பரம் வாங்கும் மென்பொருளான டிஎஸ்பியில் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர்களை மட்டும் வைத்து, அதிலும் `DIRECT` பாதையை மட்டும் திறந்தால், ஓபன் எக்ஸ்சேஞ்சிலேயே அசல் பத்திரிகைக்குப் போய்ச் சேர முடியும்.

மறுபக்கம், டீல் என்ற பெயர் மட்டும் எதையும் காப்பாற்றாது. பத்திரிகைகளின் இடத்தை விற்றுத்தரும் எஸ்எஸ்பிக்காரர் "பிரீமியம் நியூஸ்" என்று ஒரு டீல் ஐடி அனுப்புவார். அதற்குள் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கலாம். அமெரிக்க விளம்பரதாரர் சங்கமான ஏஎன்ஏ 2023இல் செய்த ஆய்வில் 21 சதவீத இம்ப்ரெஷன்கள், அதாவது விளம்பரம் காட்டப்பட்ட தடவைகள், விளம்பரத்துக்காகவே கட்டிய குப்பைத் தளங்களுக்குப் போயிருந்தன. அப்படிப்பட்ட தளங்கள் டீல் வழியாகவும் உள்ளே வரும். அதனால் யார் டீல் ஐடி அனுப்பினாலும் முதலில் தளப் பட்டியலைக் கேளுங்கள். பட்டியல் தர மறுத்தால் அந்த டீல் வேண்டாம்.

ஒரு செய்தித்தளத்தோட நிலையான விலை டீல், சிபிஎம், அதாவது ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு, 420 ரூபாய். அதே தளம் ஓபன்ல சராசரியா 160க்குக் கிடைக்குது. ஒரு மாசமா ரெண்டும் ஓடுது. எதுக்கு 420 கொடுக்கணும்னு கிளையன்ட் கேட்கிறார். ரிப்போர்ட்டை அனுப்பியிருக்கேன், என்ன பதில் சொல்லட்டும்?

ரிப்போர்ட் அனுப்பியது நல்லது. அது இல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. ஒரே தளம், ஒரே அளவு, மொபைல் மட்டும் என்று பிரித்து வைத்துக்கொண்டு பார்த்தேன்.

முதலில் கண்ணில் பட்ட விளம்பரங்களை மட்டும் எண்ணுவோம். டீலில் வியூவபிலிட்டி 70 சதவீதம். 420ஐ 0.70ஆல் வகுத்தால், உண்மையில் பார்க்கக் கிடைத்த ஆயிரம் விளம்பரத்துக்கு 600 ரூபாய். ஓபனில் 37 சதவீதம்தான், ஆக 160 ரூபாய் 432 ஆகிவிடுகிறது. இரண்டரை மடங்குக்கு மேல் தெரிந்த வித்தியாசம் ஒன்றரை மடங்குக்குக் கீழே வந்துவிட்டது.

அடுத்து ஓபனைப் பாதைவாரியாக உடைத்தேன். சரிபாதி இம்ப்ரெஷன் `DIRECT`. அதன் விலை 200, வியூவபிலிட்டி 50 சதவீதம், கணக்குப்படி 400 ரூபாய். மறுபாதி ரீசெல்லர் வழி. விலை 120, வியூவபிலிட்டி 24 சதவீதம், அதாவது 500 ரூபாய். மலிவு என்று நினைத்து வாங்கிய பாதைதான் ஓபனில் விலை கூடியது. அதை இன்றே மூடிவிடுங்கள்.

இதோடு நிறுத்தினால் "ஓபன் நேர்ப்பாதையே போதும்" என்றுதான் முடிவு வரும். ஆனால் விளம்பரம் பக்கத்தில் எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். உங்கள் டீலில் பாதி கட்டுரைத் தலைப்புக்குக் கீழே இருக்கும் முதல் இடம், மீதி கட்டுரை நடுவில். ஓபனில் அந்த முதல் இடம் ஒரு தடவைகூட வரவில்லை. நடு இடம் வருகிறது, நேர்ப்பாதையில் 260 ரூபாய்க்கு. ஆக, முதல் இடத்துக்கு 420 கொடுப்பது நியாயம், ஏனென்றால் அதற்கு வேறு வாசல் இல்லை. 260க்குக் கிடைக்கும் அதே நடு இடத்துக்கும் 420 கொடுத்ததுதான் வீண்.

பத்திரிகையின் விற்பனையாளரைக் கூப்பிட்டு, முதல் இடத்துக்கு மட்டும் தனி டீல் ஐடி கேளுங்கள். நடு இடத்தை ஓபனில் வாங்குங்கள். கிளையன்ட்டிடம் இந்த மூன்று கணக்கையும் அப்படியே காட்டலாம். அப்புறம் எஸ்எஸ்பிக்காரரிடம் இன்னொன்றும் கேளுங்கள், ஒவ்வொரு இடத்துக்கும் விலை கேட்டு டிஎஸ்பிக்கு வரும் பிட் ரிக்வெஸ்ட்டில் உங்கள் டீல் எப்படி இருக்கிறது என்று. இப்படி இருந்தால் கவனம்:

```json
"pmp": {
  "private_auction": 0,
  "deals": [{ "id": "DEAL-1234",
    "bidfloor": 420, "bidfloorcur": "INR", "at": 3 }]
}
```

`at` 3 என்பது பேசி முடித்த நிலையான விலை. `private_auction` 0 என்றால் அதே இம்ப்ரெஷனுக்கு டீல் இல்லாதவர்களும் பிட் போடலாம். 1 என்றால் டீல் உள்ளவர்களுக்கு மட்டும். எனவே டீல் போட்டதாலேயே கதவு மற்றவர்களுக்கு மூடிவிட்டது என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

டீல் போட்டு நாலு நாளாச்சு. ஒரு இம்ப்ரெஷன்கூட ஓடல. பிட்டை ஏத்தட்டுமா?

ஏற்றாதீர்கள். முதலில் பிட் ரிக்வெஸ்ட் எண்ணிக்கையைப் பாருங்கள். அது பூஜ்யம் என்றால் விலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டிஎஸ்பியில் உங்கள் கணக்கைக் குறிக்கும் சீட் ஐடிக்குப் பதிலாக டீல் வேறொன்றுக்குப் போயிருக்கும், அல்லது பத்திரிகை தன் பக்கம் இன்னும் இயக்கியிருக்காது. ரிக்வெஸ்ட் வருகிறது, பிட் போகவில்லை என்றால் தடை உங்கள் டார்கெட்டிங்கில். பிட் போகிறது, ஜெயிக்கவில்லை என்றால்தான் குறைந்தபட்ச விலையான ஃப்ளோரையும், நாணயத்தையும், கிரியேட்டிவ் அனுமதியையும் பார்க்க வேண்டும். சில டிஎஸ்பிகளில் கட்டணமும் டேட்டா செலவும் கழிந்த பிறகுதான் பிட் எக்ஸ்சேஞ்சுக்குப் போகும். நீங்கள் 420 போட்டிருப்பீர்கள், அங்கே 370 போய்ச் சேரும்.

எனக்கும் ஓடல. ஒரு நாளைக்கு 3 லட்சம் ரிக்வெஸ்ட் வருது, பிட் 900தான் போகுது.

டீலின் மேல் எதையெல்லாம் ஏற்றி வைத்திருக்கிறீர்கள்? பத்திரிகையைத் தேர்ந்தெடுத்ததே வாசகரைத் தேர்ந்தெடுத்த மாதிரிதான். அதற்கு மேல் ஆடியன்ஸ் செக்மென்ட் வைத்தால், குக்கீ பொருந்தாத வாசகர்கள் எல்லோரும் போய்விடுவார்கள். அதை எடுத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள். தடைச்சொல் பட்டியலையும் பாருங்கள். "போர்", "விபத்து", "மரணம்" என்ற சொற்களை எல்லாம் தடுத்துவிட்டுச் செய்தித்தளத்தில் இடம் கேட்டால் விளையாட்டுப் பக்கம்தான் மிஞ்சும்.

எங்க ஜவுளிக்கடைக்கு மாசம் 30,000 ரூபாய் பட்ஜெட். பிரைவேட் மார்க்கெட்னா எங்க சேலையை மட்டும் தனியா விக்கிற இடமா சார்?

இல்லைங்க. இது விளம்பர இடத்தை விற்கிற சந்தை. இந்தத் தொகைக்கு டீல் வழி உங்களுக்கு உதவாது. உங்கள் ஊர்ப் பதிப்பு வருகிற பத்திரிகையின் விளம்பரப் பிரிவை நேராகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

நான் பத்திரிகை பக்கம் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு ஸ்லாட்டையும் இப்படி ஓபன் விலையோட ஒப்பிட்டா நாங்க எப்படிப் பிழைக்கிறது? விற்காத இடத்தை ஓபன்ல விடாம என்ன செய்யச் சொல்றீங்க?

விடுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் டீலில் 420 சொல்லிவிட்டு அதே இடத்தை வெளியே 260க்கு விட்டால், வாங்குபவர் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. ஓபன் ஃப்ளோரை டீல் விலைக்கு அருகில் வையுங்கள்.

ஃப்ளோரை ஏத்தினா இடம் காலியாப் போகுது. ஆறு எஸ்எஸ்பி வெச்சிருக்கோம், ஒவ்வொண்ணுலயும் ஒரு விலை. அதுவும் எங்களுக்கு வர்ற பணம் நீங்க கொடுக்கிறதுல பாதிகூட இல்லையே.

கடைசியாகச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2016இல் கார்டியன் தன் சொந்த இடத்தைத் தானே வாங்கிப் பார்த்தபோது, மோசமான சந்தர்ப்பங்களில் ஒரு பவுண்டில் 30 பென்ஸ்தான் திரும்பி வந்தது. ஆறு எஸ்எஸ்பியை இரண்டாகக் குறைத்தால் உங்களுக்கும் எங்களுக்கும் லாபம் என்பது என் அபிப்பிராயம். காலியாகப் போகும் இடத்துக்கு என்ன செய்வது என்பதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

நடுவுல ஒண்ணு சொல்றேன், நானும் டிரேடர்தான். நேர்ப்பாதைன்னாலும் பத்திரிகை சொல்ற பெயரை அப்படியே நம்பக் கூடாது. கானெட் விஷயம் ஞாபகம் இருக்கா?

நன்றாகவே இருக்கிறது. யுஎஸ்ஏ டுடே நடத்திய கானெட், ஒன்பது மாதங்கள் விளம்பரம் எந்தத் தளத்தில் வந்தது என்ற தகவலைத் தவறாக அனுப்பியது 2022இல் வெளியே வந்தது. யுஎஸ்ஏ டுடே என்று வாங்கியவர்களில் சிலருடைய விளம்பரம் உள்ளூர்த் தளங்களில் ஓடியது. 2024இல் `www3.forbes.com` விவகாரம். ஃபோர்ப்ஸ் பெயர்தான், ஆனால் அந்தத் துணைத்தளத்தில் கட்டுரைகளைத் துண்டு துண்டாக நறுக்கி விளம்பரத்தை நிரப்பியிருந்தார்கள். அதனால் டொமைன் ரிப்போர்ட்டோடு நிற்காமல், துணை டொமைன் உட்பட முழு யுஆர்எல்லை லாகில் பாருங்கள். டீலுக்கும் இதைச் செய்ய வேண்டும்.

பத்திரிகை நண்பருக்கு: இதை உங்கள் மேல் சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எடுத்துக்கலை. ஆனா ஃப்ளோர் விஷயத்துல நீங்க சொல்றதை இன்னும் ஏத்துக்கலை.

சரி.

மேடம், டீல் ஓடல. பிட் ஏத்தணுமா?

ரிக்வெஸ்ட் எண்ணிக்கை. மேலே மூன்றாவது பதில்.

டீல் ஆக்டிவ்னு காட்டுது, ஆனா செலவு பூஜ்யம்.

அதே பதில்தான். ரிக்வெஸ்ட் எண்ணிக்கையைப் பார்க்காமல் யாரும் விலையைத் தொடாதீர்கள், தயவுசெய்து.

புரோகிராமாட்டிக் கேரண்டீட் எடுத்தா இந்தத் தலைவலியே இல்லையே?

அது இத்தனை இம்ப்ரெஷன், இந்த விலை என்று முன்பே உறுதி செய்யும் ஒப்பந்தம். தேதியும் எண்ணிக்கையும் கட்டாயம் என்றால் எடுக்கலாம், ஒரு தயாரிப்பு வெளியாகும் நாளில் முகப்பு முழுக்க வேண்டும் என்பது போல. ஆனால் வருகிற இம்ப்ரெஷனை வேண்டாம் என்று தள்ள முடியாது.

ஃபேஸ்புக்ல சிபிஎம் திடீர்னு ஏறிடுச்சு, ஏன்?

அது என் துறை இல்லை. அதில் வேலை பார்ப்பவரிடம் கேளுங்கள்.

அஞ்சு பத்திரிகைக்கும் சேர்த்து ஒரே டீல் ஐடியா தர்றேன்னு எஸ்எஸ்பி சொல்றாங்க. வேலை மிச்சம்தானே?

ஐந்து தனி ஐடியாகக் கேளுங்கள். சேர்த்து வாங்கினால் ஐந்தில் மலிவாகவும் அதிகமாகவும் இடம் வைத்திருக்கும் தளம் உங்கள் பணத்தில் பெரும்பகுதியைச் சாப்பிட்டுவிடும். மற்ற நான்கின் பெயர் பிரசன்டேஷனில் மட்டும் இருக்கும். போன வருடம் ஒரு கேம்பெயினில் எனக்கே அது நடந்தது. முதல் வாரத்திலேயே 80 சதவீதத்துக்கு மேல் ஒரே தளத்துக்குப் போயிருந்தது. தனித்தனி ஐடி, தனித்தனி பட்ஜெட். தொடங்கி மூன்றாம் நாள் தளவாரியாகச் செலவைப் பாருங்கள்.