ஃபெயில் ஆனால் விசா போகாது, பாடத்தை விட்டால் போகலாம்

*என் மகள் அமெரிக்காவில் எம்.எஸ். முதல் செமஸ்டர் படிக்கிறாள். மூன்று பாடம், 9 கிரெடிட். ஒரு பாடம் சுத்தமாகப் புரியவில்லை, மிட்டெர்மில் மார்க்கும் மோசம், அதை ட்ராப் பண்ணிவிடுகிறேன் என்கிறாள். 6 கிரெடிட் இருந்தால் போதும் என்று அறைத்தோழி சொல்கிறாளாம். விடலாமா? கட்டிய ஃபீஸ் கொஞ்சமாவது திரும்பி வருமா?*
*— ஒரு தாய், திருநெல்வேலி*

இன்றைக்கே மகளுக்கு ஃபோன் போட்டு, ட்ராப் பட்டனை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அறைத்தோழி பொய் சொல்லவில்லை. அவர் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவராக இருந்தால், அரைநேர மாணவராகச் சேர்ந்திருந்தாலே அரசின் கல்விக் கடன் கிடைக்கும். 6 கிரெடிட் கணக்கு பெரும்பாலும் அங்கிருந்து வருவதுதான். உங்கள் மகளுக்கு அந்தக் கடனும் கிடையாது, அந்தச் சலுகையும் கிடையாது. எஃப்-1 மாணவர் விசாவில் வந்தவர் ஒவ்வொரு செமஸ்டரும் முழுநேரமாகப் படித்தாக வேண்டும். இளநிலைக்கு 12 கிரெடிட் என்று சட்டமே சொல்கிறது. முதுநிலைக்குப் பல்கலைக்கழகமே நிர்ணயிக்கும், பல இடங்களில் அது 9. மூன்றில் ஒன்றை விட்டால் அவர் அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடுவார்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பாடத்தை விடாமல் எழுதி ஃபெயில் ஆனாலும், அந்த செமஸ்டர் அவர் முழுநேர மாணவர்தான். மார்க் குறைந்ததைத் துறை பார்த்துக்கொள்ளும், குடிவரவுத் துறை அதைக் கேட்பதில்லை. முன் அனுமதி இல்லாமல் பாடத்தை விட்டால்தான், வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி அமெரிக்க அரசு வைத்திருக்கும் செவிஸ் கணினிப் பதிவு ரத்தாகும். அதோடு வளாக வேலையும் நின்றுபோகும். மறுபடி அந்தஸ்தைப் பெற ஐ-539 விண்ணப்பம் போட வேண்டும், அதையும் பொதுவாக 5 மாதத்துக்குள் போட்டாக வேண்டும். இல்லையென்றால் நாட்டை விட்டு வெளியேறி, பல்கலைக்கழகம் தரும் ஐ-20 என்ற தகுதிச் சான்றைப் புதிதாக வாங்கி, செவிஸ் கட்டணத்தை மறுபடி கட்டித் திரும்ப வேண்டும். அப்படி வந்தால், படிப்புக்குப் பிந்தைய ஓபிடி வேலை அனுமதிக்குத் தேவையான ஒரு கல்வியாண்டு, முதலிலிருந்து ஓடத் தொடங்கும்.

சட்டப்படி விடவும் வழி இருக்கிறது. சர்வதேச மாணவர் அலுவலகத்தில் டி.எஸ்.ஓ. என்ற அதிகாரி இருப்பார். பாடச்சுமையைக் குறைக்க அவர் அனுமதிக்கலாம், ஆனால் செவிஸில் அவர் பதிந்த பிறகுதான் பாடத்தை விட வேண்டும். துறையின் ஆலோசகப் பேராசிரியர் ‘சரி’ என்றதை நம்பி விட்டுவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. அவர் சொல்வது படிப்புக்கு மட்டும்தான் செல்லும்.

மார்க் குறைவு மட்டும் காரணமாகாது. ஆங்கிலத்திலோ வாசிப்பிலோ ஆரம்பத் தடுமாற்றம், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழகாமை, தன் தரத்துக்கு மீறிய பாடத்தில் போடப்பட்டது ஆகியவைதான் சட்டம் ஏற்கும் காரணங்கள். பாடத்துக்குத் தேவையான முன்பாடத்தை மகள் இந்தியாவில் படிக்காமல் போயிருந்தால், கடைசிக் காரணம் பொருந்தலாம். அப்போதும் குறைந்தது 6 கிரெடிட் இருக்க வேண்டும், அடுத்த செமஸ்டர் முழுநேரத்துக்குத் திரும்ப வேண்டும். இந்தச் சலுகை எம்.எஸ். முழுவதற்கும் ஒருமுறைதான். உடல்நலக் காரணம் தனிக் கணக்கு. மருத்துவர் கடிதம் இருந்தால் மொத்தம் 12 மாதம் வரை குறைக்கலாம்.

பணத்தைப் பொறுத்தவரை பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஃபீஸ் திரும்பத் தருவது செமஸ்டரின் முதல் சில வாரங்களோடு முடிந்துவிடும். மிட்டெர்ம் முடிந்த பிறகு விட்டால் மதிப்பெண் பட்டியலில் பாதியில் விட்டதைக் காட்டும் ‘டபிள்யூ’ விழும், பணம் பெரும்பாலும் வராது. முழுநேரத்துக்கு ஒரே தொகை வாங்கும் பல்கலைக்கழகமானால் குறைப்பு என்ற பேச்சே இருக்காது. விட்ட பாடத்தைப் பின்னால் படிக்க இன்னொரு செமஸ்டர் நீண்டால், அதற்கான வாடகையும் வங்கிக் கடன் வட்டியும் உங்கள் தலையில்தான். பல்கலைக்கழகத்தில் உதவியாளராக வேலை செய்யும் அசிஸ்டன்ட்ஷிப் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதோடு வரும் டியூஷன் தள்ளுபடியைப் பெரும்பாலும் முழுநேரச் சேர்க்கையோடு கட்டிப்போட்டிருப்பார்கள். ஆனால் அதையே குறைந்த சராசரியும் பறிக்கும், பல துறைகள் 4-க்கு 3.0 கேட்கும். அதனால் ஃபெயில் ஆவதும் இலவசம் இல்லை.

மருத்துவக் காப்பீட்டில் ஒவ்வொரு பாலிசியும் தனக்கென ஒரு கிரெடிட் எல்லை வைத்திருக்கும். 6-க்கு இறங்கினால் காப்பீடு நீடிக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

மகள் டி.எஸ்.ஓ.வுக்கு இன்று அனுப்பும் மின்னஞ்சலில் இன்னொரு கேள்வியும் இருக்கட்டும்: செமஸ்டரின் பின்பாதியில் தொடங்கும் 3 கிரெடிட் பாடம் ஏதாவது உண்டா, அதைச் சேர்த்துக்கொண்டு இதை விட்டால் 9 குறையாதல்லவா என்று. அது ஆன்லைன் பாடமாக இருந்தால், ஒரு செமஸ்டருக்கு ஒன்றுதான் முழுநேரக் கணக்கில் சேரும் என்பதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.