30 படகுகள் பிடிப்பதை 10 படகுகளே பிடிக்கும்

கேள்வி: எங்கள் ஏரியில் யார் வேண்டுமானாலும் படகு இறக்கலாம். 12 படகுகள் இருந்த காலத்தில் ஒரு படகுக்கு ஆண்டுக்கு 28 டன் மீன்பாடு இருந்தது. 20 படகுகள் ஆனபோது 20 டன். இப்போது 30 படகுகள், ஒன்றுக்கு 10 டன்தான். டீசல், வலை, ஆள்கூலி எல்லாம் போக அந்த 10 டன் விலையில் எதுவும் மிஞ்சுவதில்லை. பாதிப் படகுகளை நிறுத்தினால் நல்லது என்கிறார்கள். மீன்பாடும் பாதியாகிவிடாதா? எத்தனை படகுகள்தான் சரி?

பதில்: முதல் ஆண்டில் பாதியாகத்தான் ஆகும். அதைச் சொல்லாமல் உங்களைச் சம்மதிக்க வைக்கப் பார்ப்பவரை நம்ப வேண்டாம். ஆனால் ஏரி தேறிய பிறகு 15 படகுகள் ஆண்டுக்கு 375 டன் பிடிக்கும். இன்று 30 படகுகளும் சேர்ந்து பிடிப்பது 300 டன்தான்.

நீங்கள் தந்த மூன்று எண்களிலேயே இதற்கான கணக்கு இருக்கிறது. 40-லிருந்து படகுகளின் எண்ணிக்கையைக் கழித்தால் ஒரு படகின் மீன்பாடு டன்னில் வருகிறது: 12-க்கு 28, 20-க்கு 20, 30-க்கு 10. அதாவது புதிதாக ஒரு படகு இறங்கினால், ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு படகும் 1 டன் இழக்கிறது. நீரில் மிஞ்சும் மீன் குறையக் குறைய, அதே வலையில் அதே நேரத்தில் விழுவதும் குறைகிறது என்பதே காரணம்.

30-ஆவது படகை எடுத்துக்கொள்ளுங்கள். 29 படகுகள் இருந்தபோது ஒன்றுக்கு 11 டன், மொத்தம் 319. அடுத்த படகு வந்ததும் மொத்தம் 300. வந்தவர் 10 டன் பிடித்தார், அவர் செலவு அதில் அடங்கிவிட்டது. அவர் கணக்கில் பிழையில்லை. மற்ற 29 பேரும் ஆளுக்கு 1 டன் இழந்தது மட்டும் அவர் கணக்கில் வரவில்லை. ஆக ஏரியின் மீன்பாடு 19 டன் குறைந்தது. அதற்கு மேல் 10 டன் விலைக்குச் செலவும் ஆனது. பொதுவளம் சீரழிவதற்கு யாருடைய பேராசையும் தேவையில்லை. ஒரு படகின் மீன்பாடு அதன் செலவுக்குச் சமமாகும்வரை ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கனடியப் பொருளியலாளர் ஸ்காட் கார்டன் 1954-இல் விளக்கியது இதைத்தான்: கட்டுப்பாடில்லாத மீன்வளத்தில் லாபம் பூஜ்யமாகும் இடத்தில்தான் கூட்டம் நிற்கும். உங்கள் ஏரி அங்கே நிற்கிறது.

டீசல் மானியம் கேட்கலாமே என்று தோன்றலாம். செலவு 6 டன் விலைக்கு இறங்கினால் 34 படகுகள்வரை வரும், ஒன்றுக்கு 6 டன், மொத்தம் 204. மானியம் முழுவதும் இன்னும் நான்கு படகுகளாக மாறி ஏரியிலேயே கரைந்துவிடும்.

சரியான எண்ணுக்கு வருவோம். மொத்த மீன்பாடு உச்சத்தைத் தொடுவது 20 படகுகளில், 400 டன். பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் இது மிகச் சிறந்த இடமல்ல. ஒவ்வொரு படகும் மொத்தத்தில் எவ்வளவு கூட்டுகிறது, அதற்கு எவ்வளவு செலவாகிறது என்று பாருங்கள். 14 படகுகளில் மொத்தம் 364 டன். 15-ஆவது வந்தால் 375. கூடியது 11, செலவு 10, ஆகவே வரட்டும். 16-ஆவது வந்தால் 384. கூடியது 9தான், செலவோ 10. அங்கே நிறுத்த வேண்டும். 15 படகுகளில் செலவு போக மிச்சம் 225 டன் விலை; 20-இல் 200; 30-இல் ஒன்றுமில்லை. இன்று 30 படகுகள் பிடிக்கும் 300 டன்னை 10 படகுகளே பிடித்துவிடும் என்பதும் இதே கணக்கில் தெரியும்.

இனி கசப்பான பகுதி. மீன் இருப்பு ஒரே நாளில் ஏறாது. பிடிக்காமலே விட்டால் ஏரியில் 4,000 டன் மீன் நிற்கும், மீன் குறைவாக இருக்கும்போது ஆண்டுக்குச் சுமார் 40 சதவீதம் பெருகும் என்று வைத்துக்கொள்கிறேன். இவை என் அனுமானங்கள், ஆனால் உங்கள் எண்களோடு பொருந்துபவை. இப்படியானால் இன்றைய இருப்பு 1,000 டன். 15 படகுகளாகக் குறைத்த முதல் ஆண்டில் 150 டன்தான் கிடைக்கும். மொத்த மீன்பாடு பழைய 300-ஐ எட்டவே எட்டாவது ஆண்டு ஆகிவிடும். ஆனால் செலவும் பாதியாகிவிட்டதல்லவா? முதல் ஆண்டில் மிச்சம் இன்றுபோலவே பூஜ்யம், இரண்டாம் ஆண்டிலிருந்து ஏறத் தொடங்கும். தொடர்பவர்களுக்கு எந்த ஆண்டிலும் இன்றைவிட நஷ்டமில்லை. மீன் வாங்கிப் பதப்படுத்துபவர்களுக்குத்தான் ஏழெட்டு ஆண்டுகள் சரக்கு குறையும். எதிர்ப்பு அங்கிருந்துதான் முதலில் வரும்.

விலகும் 15 பேருக்கு என்ன வழி? ஒரு படகுக்கு ஆண்டுக்கு 15 டன் விலைக்குச் சமமாகக் கட்டணம் விதித்தால், செலவு 25 டன்னாகி, எண்ணிக்கை தானாகவே 15-இல் நிற்கும். 15 படகுகள் இருக்கும்போது புதிதாக வரும் படகு மற்றவர்களுக்கு ஏற்படுத்தும் இழப்பும் அந்த 15 டன்தான். ஆனால் முழுக் கட்டணத்தை முதல் நாளே வைத்தால் ஒருவரும் தாங்க மாட்டார்கள். மீன்பாடு ஏறுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பகுதி விலகியவர்களுக்குப் போகாவிட்டால் ஒப்பந்தம் நிலைக்காது என்பது என் எண்ணம்.

படகு எண்ணிக்கையை மட்டும் கட்டிப்போட்டால் பெரிய இஞ்சினும் நீள வலையும் வந்து, 15 படகுகளே 30 படகுகளின் வேலையைச் செய்யும். ஆகவே வலை நீளத்தையும் இஞ்சின் திறனையும் உரிமத்திலேயே எழுதுங்கள். ஆட்களைக் கட்டுப்படுத்தாமல் மொத்த மீன்பாட்டுக்கு மட்டும் உச்சவரம்பு வைத்தாலும் போதாது. அலாஸ்காவின் ஹாலிபட் மீன்வளத்தில் வரம்பு இருந்தது, ஆனால் அதற்குள் யார் முந்துவது என்ற போட்டியில் 1990-களின் தொடக்கத்தில் மீன்பிடி காலம் சில பகுதிகளில் ஓரிரு நாட்களாகச் சுருங்கியது. 1995-இல் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்துக் கொடுத்ததும் அதே காலம் பல மாதங்களாக நீண்டது.

இந்தக் கணக்கு பொய்க்கும் இடம் ஒன்று உண்டு. உங்கள் மீன் கூட்டமாகத் திரளும் இனமானால், ஏரியில் இருப்பு சரிந்தாலும் திரளைக் கண்டுபிடித்து வலை போடுபவருக்கு மீன்பாடு குறையாது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் 1992-இல் காட் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டி வந்ததற்கு முன், படகுகளின் மீன்பாடு இருப்பின் உண்மை நிலையைக் காட்டாமல் ஏமாற்றியது. ஆகவே ஒரு படகின் டன் கணக்கோடு நிற்காதீர்கள். மாதம் ஒருமுறை ஒரே வலையை, முன்பே குறித்துவைத்த அதே இடங்களில், மீன் இருக்கிறதோ இல்லையோ போட்டு, விழுவதை எடை போட்டு நீளத்தையும் அளந்து எழுதிவையுங்கள். படகுகளின் மீன்பாடு அப்படியே இருக்க, இந்தச் சோதனை வலையில் எடையும் பெரிய மீன்களும் குறைந்துகொண்டே போனால், 15 என்ற எண்ணும் அதிகம்தான். அப்போது 12-இலிருந்து தொடங்குங்கள்.