போட்டோவுல இருக்குற வகுத்தல் கணக்குல எந்தப் படியில தப்பு? கேள்வி பதில்

மன்னார்குடி அம்மா: டீச்சர், பையன் அஞ்சாவது படிக்கிறான், 3612 ஐ 14 ஆல வகுத்துருக்கான், போட்டோ போட்டுருக்கேன் பாருங்க. ஈவு 286 மீதி 8 னு வருது, ஸ்கூல்ல தப்புன்னு சுழிச்சு விட்டுட்டாங்க. நான் மூணு தடவ பாத்துட்டேன், வாய்ப்பாடு எல்லாம் சரியாத்தான் இருக்கு, எங்க தப்புன்னே புடிபடல.

டீச்சர்: முதல் கழித்தல்லயே இருக்கும்மா. 36 க்குக் கீழ 28 எழுதிட்டு 12 னு போட்டுருக்கான் பாருங்க, 8 வரணும். 6 லேர்ந்து 8 போகாது, அதுக்குக் கடன் வாங்காம 8 லேர்ந்து 6 ஐ எடுத்து 2 னு போட்டுட்டான், 3 ல 2 போக 1, ஆகமொத்தம் 12. அந்த 12 ம் 14 ஐ விடச் சின்னதா இருந்ததால அவனுக்கும் சந்தேகம் வரல, உங்களுக்கும் வரல. அதுக்கப்புறம் அவன் போட்டது அத்தனையும் சரி, 121 ல 8 தடவ 112, மீதி 9, 2 ஐ இறக்கி 92, அதுல 6 தடவ 84, மீதி 8.

நான் எப்படிக் கண்டுபுடிச்சேன்னு சொல்றேன், ஏன்னா மேலேர்ந்து ஒவ்வொரு வரியா பாத்தா நம்ம கண்ணும் புள்ளையோட கண்ணு மாதிரியே தாண்டிப் போயிடும். முதல்ல அவன் விடையத் திருப்பிப் பெருக்குங்க:

```
286 × 14 = 4004
4004 + 8 = 4012
4012 - 3612 = 400
```

400 கூட வருது. இப்ப அந்த 36 ங்கிறது வெறும் 36 இல்ல, 36 நூறு. அங்க 8 க்கு பதிலா 12 போட்டா 4 கூடுது, 4 நூறு, அதான் 400. இதே 40 கூட வந்துருந்தா ரெண்டாவது கழித்தலப் பாத்துருப்பேன், 4 வந்துருந்தா கடைசிக் கழித்தல. எந்தப் படியில சறுக்குச்சுன்னு வித்தியாசமே காட்டிக் குடுத்துடும்.

சரியான கணக்கு இதான்: 36 ல 28 போக 8, 1 ஐ இறக்கினா 81, அதுல 5 தடவ 70, மீதி 11, 2 ஐ இறக்கினா 112, சரியா 8 தடவ. ஈவு 258, மீதி ஒண்ணும் இல்ல. நாளைக்கு அவன்கிட்ட 36 லேர்ந்து 28 ஐ மட்டும் தனியா கழிக்கச் சொல்லிப் பாருங்க. அங்க 8 னு போட்டா வகுத்தலுக்கு நடுவுல அவசரப்பட்டுருக்கான், அங்கயும் 12 னு போட்டா வகுத்தல அப்படியே ஓரமா வச்சுட்டு கடன் வாங்கிக் கழிக்கிறதத்தான் திரும்ப சொல்லிக் குடுக்கணும்.

திருவாரூர் அப்பா: பாப்பா 7245 ஐ 7 ஆல வகுத்து 135 னு எழுதிருக்கா. கீழ ஒரு கழித்தல்கூடத் தப்பில்ல, மீதியும் 0 தான். அப்ப விடை சரிதானே?

டீச்சர்: இல்ல சார், 1035 வரணும். போட்டோவப் பெருசு பண்ணிப் பாருங்க, 7 ல 7 போனதும் 2 ஐ இறக்கிருக்கா, பக்கத்துலயே 4 ஐயும் சேத்து இறக்கிருக்கா. 2 ல 7 போகாதுன்னு அவளுக்குத் தெரிஞ்சுருக்கு, ஆனா போகலன்னா மேல 0 போடணும்ங்கிறது விட்டுப்போச்சு. நம்ம கிளாஸ்ல நான் அதிகமா பாக்குற தப்பு இதுதான், நல்லா போடுற புள்ளைங்களே இதுல விழும்.

135 ஐ 7 ஆல பெருக்கினா 945, கணக்குல இருக்குறது 7245, 6300 குறையுது. இந்த 6300 மீதியில்லாம 7 ஆல வகுபடுது பாருங்க, 900 தடவ. மன்னார்குடி அம்மா கணக்குல வந்த 400, 14 ஆல வகுபடாது. வித்தியாசம் மிச்சமில்லாம வகுபட்டா கீழ போட்ட கழித்தலெல்லாம் பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும், மேல ஈவு எழுதின இடத்தத்தான் பாக்கணும். 2, 4, 5, 8, 10 மாதிரி எண்ணால வகுக்குறப்ப இத நம்பாதீங்க, அங்க கழித்தல் தப்பா இருந்தாலும் வித்தியாசம் வகுபட்டுடலாம். ஒரே கணக்குல ரெண்டு தப்பு இருந்தாலும் இது குழப்பும், அப்ப வரிவரியா உக்காந்து பாக்குறதத் தவிர வழியில்ல.

ஆரம்பிக்கும்போதே மேல எத்தன இலக்கம் வரும்னு புள்ளி வைக்கச் சொல்லுங்க. முதல் 7 லயே 7 போகுது, அப்ப நாலு புள்ளி. மூணு எழுத்துதான் வந்துருக்குன்னா அவளே நிறுத்திப் பாப்பா.

பாபநாசம் ஐயா: நான் ரைஸ் மில்லுல 30 வருஷம் கணக்கு எழுதினவன்மா. இவ்வளவு பெருக்கல் எதுக்கு, இலக்கத்தக் கூட்டி ஒன்பதத் தள்ளிப் பாத்தா போதுமே, தப்பு உடனே தெரிஞ்சுடும்.

டீச்சர்: ஐயா, மன்னார்குடி கணக்குக்கு அது சரியா வேலை செய்யுது. 286 ஐக் கூட்டினா 16, அதுல ஒன்பதத் தள்ளினா 7, 14 க்கு 5, பெருக்கினா 35, அது 8, மீதி 8 சேந்தா 16, அதாவது 7. ஆனா 3612 க்கு 3 தான் வருது, தப்புன்னு தெரிஞ்சுடுச்சு. திருவாரூர் கணக்குல போட்டுப் பாருங்க, 135 கூட்டினா 9, 1035 கூட்டினாலும் 9. 0 விட்டுப்போனா கூட்டுத்தொகை மாறவே மாறாது, அதனால புள்ளைங்க அடிக்கடி பண்ற அந்தத் தப்ப உங்க வழி புடிக்காது. இலக்கத்த எண்ணிப் பாத்துட்டு அப்புறம் உங்க வழியில போனா நல்லது.

ஒரத்தநாடு அண்ணன்: எங்க வீட்டுக் கதையக் கேளுங்க டீச்சர். நெல்லு 2450 கிலோ, கொள்முதல் நிலையத்துல 40 கிலோ சிப்பம், எத்தன சிப்பம்டான்னு பையனக் கேட்டேன், ரெண்டு பக்கமும் ஒரு 0 ஐ அடிச்சுட்டு 61 சிப்பம் மிச்சம் 1 கிலோங்குறான். ஒரு கிலோவா மிச்சம்? 0 ஐ அடிக்கவே கூடாதுல்ல?

டீச்சர்: அடிக்கலாம்ண்ணே, ஈவு 61 மாறாது. மீதிதான் மாறும். 0 ஐ அடிச்சதும் அவன் கிலோவ விட்டுட்டு பத்துப் பத்து கிலோவா எண்ண ஆரம்பிச்சுட்டான், 245 பத்து, 4 பத்து. அப்ப மிச்சம் 1 ங்கிறது ஒரு பத்து, 10 கிலோ. 61 ஐ 40 ஆல பெருக்கினா 2440, அதோட 10 சேத்தா 2450 சரியா வருதா. மிச்சத்துக்குப் பக்கத்துல அடிச்ச 0 ஐத் திரும்ப எழுதச் சொல்லுங்க, போதும்.

மயிலாடுதுறை சித்தி: அக்கா பொண்ணு 1536 ஐ 6 ஆல வகுத்து 246 போட்டுருக்கா டீச்சர், மீதி 0. நடுவுல ரப்பர் போட்டு அழிச்சு அழிச்சு எழுதுனதுல போட்டோ சரியா தெரியல. வாய்ப்பாடு தெரியாதுன்னு அவங்க அம்மா அடிக்கப் போறாங்க.

டீச்சர்: அடிக்க வேணாம்னு சொல்லுங்க முதல்ல. 246 ஐ 6 ஆல பெருக்கினா 1476, 60 குறையுது, அது பத்தாம் இடத்துல 6 ஒரு தடவ குறையுறது. 15 ல 2 தடவ 12, மீதி 3, அடுத்த 3 ஐ இறக்கி 33, அதுல 5 தடவ 30, மீதி 3, அப்புறம் 36 ல 6 தடவ. 256 வரணும். அவ போட்டோவுல 33 க்குக் கீழ 30 இருக்குற மாதிரிதான் எனக்குத் தெரியுது, மேல மட்டும் 4. அஞ்சுன்னு நெனச்சுட்டு கை 4 எழுதுச்சா, இல்ல நாலாறு முப்பதுன்னே மனசுல பதிஞ்சிருக்கான்னு இந்தப் படத்த வச்சு என்னால சொல்ல முடியல. சாயந்திரம் எழுத வைக்காம வாயால நாலாறு எவ்வளவுன்னு கேளுங்க, என்ன சொன்னாள்னு எனக்கு எழுதுங்க.