சிலிண்டர் விபத்தில் யார் பொறுப்பு? கேள்வி பதில்

காப்பீட்டு சர்வேயராக இருந்த காலத்தில் சென்னைக்குள் எரிந்த சமையலறைகள் நிறையப் பார்த்தவன் நான். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: விபத்தான சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சி ஆள் வந்து கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். போலீஸ் மகஜர் எழுதி எடுத்தால் மட்டும் கொடுங்கள்.

கொளத்தூர் வாசகர்: எங்கள் சிலிண்டர் முழுசாக இருக்கிறது, ஒரு கீறல்கூட இல்லை. "சிலிண்டரே வெடிக்கலையே, எங்க மேல எப்படி சொல்றீங்க"னு ஏஜென்சியில் கேட்கிறார்கள்.

பெரும்பாலான வீட்டு விபத்துகளில் சிலிண்டர் முழுசாகத்தான் இருக்கும். வெடிப்பது அறை. கசிந்த கேஸ் காற்றைவிட கனம் என்பதால் தரையோடு படர்ந்து, மேடைக்குக் கீழும் பிரிட்ஜுக்குப் பின்னாலும் தேங்கும். காற்றில் அது சுமார் 2 சதவீதத்துக்கும் 9 சதவீதத்துக்கும் இடையில் கலந்திருக்கும்போது ஒரு சுவிட்ச் பொறி போதும். கதவு பெயர்ந்து போகும், சிலிண்டர் நின்ற இடத்தில் நிற்கும். அதனால் அந்த வாதத்துக்குப் பொருளே இல்லை. கேட்க வேண்டிய கேள்வி, கேஸ் எந்த இடத்தில் வெளியேறியது என்பதுதான். வால்விலோ அதற்குள் இருக்கும் வாஷரிலோ என்றால், நிரப்பி சீல் வைத்து அனுப்பிய எண்ணெய் நிறுவனத்தின் பக்கம். வீட்டு வாசலில் எடையும் கசிவும் பார்க்காமல் இறக்கிப் போனால் டீலரின் பக்கம். டியூப், அடுப்பு என்றால் நம் பக்கம். ரெகுலேட்டர் நாம் டெபாசிட் கட்டி வாங்கிய நிறுவனத்தின் பொருள். அதை மறந்துவிட்டு "உங்க ரெகுலேட்டர்" என்று பேசுவார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வியாசர்பாடி வாசகி: காலையில் புது சிலிண்டர் வந்தது. டெலிவரி ஆளே மாட்டிவிட்டுப் போனார். மதியமே வாடை. ஏஜென்சிக்கு இரண்டு முறை போன் செய்தோம், சாயங்காலம் ஆள் வருவார் என்றார்கள், வரவில்லை. விடியற்காலை அக்கா லைட் போட்டதும் வெடித்தது. அக்கா கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் இருந்து இப்போது தனியார் மருத்துவமனையில். பில் 4.8 லட்சம் ஆகிவிட்டது. வீட்டுச் சேதம் 3 லட்சம் இருக்கும். "டியூப் ஏழு வருஷப் பழசு, நீங்கதான் பொறுப்பு" என்கிறார்கள் சார்.

அம்மா, முதலில் அக்கா தேறி வரட்டும். உங்கள் வழக்கில் பேச விஷயம் நிறைய இருக்கிறது, நிதானமாகப் பார்ப்போம்.

டியூபின் மேல் தேதி அச்சாகியிருக்கும், ஐந்து வருடம்தான் கணக்கு. ஏழு என்றால் அது உங்கள் குறை, மறைக்க முடியாது. ஆனால் அதே டியூப் முந்தின நாள் வரை பழைய சிலிண்டரோடு வாடை இல்லாமல் ஓடியிருக்கிறது. மாறியது சிலிண்டர் மட்டும். அதை மாட்டியதும் அவர்கள் ஆள். இந்த வரிசையை முதல் புகாரிலேயே நேரத்தோடு எழுதுங்கள். உங்கள் பக்கத்தின் பலமே அதுதான்.

அடுத்து, ரெகுலேட்டர் குமிழ் எந்த நிலையில் இருந்தது? இதை யாரும் கவனிப்பதில்லை. குமிழை மூடினால் வால்வுக்குள் இருக்கும் ஸ்பிரிங் முள் மேலே வந்து அடைத்துக்கொள்ளும். அப்போது கேஸ் டியூபுக்கே போகாது, டியூப் வாதம் அங்கேயே முடிந்தது. மூடியும் கசிந்திருந்தால் அந்த முள்ளில்தான் கோளாறு. குமிழ் திறந்தே இருந்தால் இரண்டு பக்கமும் சந்தேகம்: வாஷர் இல்லாமலோ பிசகியோ இருந்திருக்கலாம், டியூப் விரிந்திருக்கலாம். வால்வைத் திறந்து அந்தக் கறுப்பு வாஷர் இருந்த பள்ளத்தைத் தடயவியல் ஆட்கள் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். டியூப் முழுக்க எரிந்திருப்பதை மட்டும் காட்டிப் பழி போட முடியாது. தீப்பிடித்த அறையில் ரப்பர் எரியத்தான் செய்யும். அதனால்தான் சிலிண்டரைக் கொடுக்காதீர்கள் என்று கத்திக்கொண்டே இருக்கிறேன்.

போன் செய்த பட்டியலை உங்கள் மொபைல் நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். கசிவுப் புகாரைக் கேட்டும் ஆள் அனுப்பாதது டீலரின் சேவைக் குறைபாடு. வாஷர் கதை எப்படி முடிந்தாலும் இது தனியாக நிற்கும்.

இப்போது கசப்பான பகுதி. மதியம் வாடை வந்த பிறகும் இரவு குமிழை மூடாமல் தூங்கியிருந்தால், நுகர்வோர் ஆணையம் அதைக் கேட்கும். கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்கு ஏன் அழைக்கவில்லை என்றும் கேட்கும். அதனால் இழப்பீடு குறையலாம், ஒன்றுமில்லாமல் போகாது. எத்தனை சதவீதம் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

பணக் கணக்கு: எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டில் யார் தவறு என்ற கேள்வி முதலில் எழாது, விபத்துக்கு கேஸ்தான் மூலகாரணமா என்றே பார்ப்பார்கள். மருத்துவத்துக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, பதிவான முகவரியில் சொத்துச் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு 2 லட்சம் வரை, மரணம் என்றால் ஒருவருக்கு 6 லட்சம். உங்களுக்கு அதிகபட்சம் 4 லட்சம் வரலாம். மீதி 3.8 லட்சம், அக்காவின் வருமான இழப்பு, வேதனை எல்லாவற்றுக்கும் நுகர்வோர் ஆணையம்தான் வழி. டீலரையும் நிறுவனத்தையும் சேர்த்தே எதிர்மனுதாரர் ஆக்குங்கள். ஒருவரை விட்டால் இன்னொருவர் வராத ஆள் மேல் பழி போட்டுத் தப்பிப்பார். தீயணைப்புத் துறை அறிக்கை, போலீஸ் பதிவு, மருத்துவச் சீட்டுகள் எல்லாம் அசல். ஏஜென்சிக்கு விபத்தை எழுத்தில் சொல்லி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னதெல்லாம் காற்றோடு போகும்.

தாம்பரம் வாசகர் (ஏஜென்சியில் மேனேஜராக இருந்தவர்): சார், நிறுவனத்தை இழுக்கவே முடியாது. டீலர் ஏஜென்ட் இல்லை, தனி வியாபாரி. உச்ச நீதிமன்றமே 1993-இல் சொல்லிவிட்டது.

பாதி சரி அண்ணே. இந்தியன் ஆயிலுக்கும் கேரள நுகர்வோர் பாதுகாப்பு கவுன்சிலுக்கும் நடந்த வழக்கு அது. ஒப்பந்தம் இரண்டு முதலாளிகளுக்கு இடையில் நடந்தது, ஆகவே டீலரின் செயலுக்கு நிறுவனம் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றது. ஆனால் வால்வில் குறை என்றால் அது டீலர் செய்த வேலையா? 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. தயாரிப்பில் குறை என்றால் உற்பத்தியாளர், சேவையில் குறை என்றால் சேவை தந்தவர், தவறாகப் பயன்படுத்தினால் பயனர் என்று பிரித்துப் பார்க்க அதில் இடமுண்டு.

தாம்பரம் வாசகர்: அப்போ வியாசர்பாடி அம்மா வாடகை வீடா? கனெக்ஷன் ஹவுஸ் ஓனர் பெயரில் இருந்தால் எல்லாமே போச்சு. ஒரு பைசா வராது, எங்கள் ஏஜென்சியில் பார்த்திருக்கிறேன்.

வியாசர்பாடி வாசகி: ஆமாம் சார், ஓனர் பெயரில்தான். அட்வான்ஸிலேயே சேர்த்து வாங்கிக்கொண்டார். இப்போ பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள். சென்னையில் பாதி வாடகை வீடு இப்படித்தான் ஓடுகிறது. சட்டத்தில் நுகர்வோர் என்பவர் வாங்கியவர் மட்டுமல்ல, வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும்தான். ஓனர் கொடுத்ததற்கு வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் போதும். இல்லாவிட்டால் ஓனரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள், அவர் பின்வாங்குவதற்கு முன்னால்.

தாம்பரம் வாசகர்: கனெக்ஷனை மாற்றிக் கொடுக்கக்கூடாதுன்னு நிறுவன விதி இருக்கே.

இருக்கிறது, மறுக்கவில்லை. காப்பீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொள்ளலாம். என் கையில் வந்த கோப்புகளில் அதே காரணத்துக்காக நிறுத்தியதையும் பார்த்தேன், முகவரி சரியாக இருக்கிறதென்று கொடுத்ததையும் பார்த்தேன். ஆணையத்தில் வாதம் வேறு.

அயனாவரம் வாசகி: எங்கள் ஓனரும் இப்படித்தான். ஆனா சிலிண்டர் அவர் பழைய முகவரியில், ஊரப்பாக்கத்தில் பதிவாகியிருக்கு. அதுவும் செல்லுமா?

இங்கேதான் தாம்பரம் அண்ணன் ஜெயிக்கிறார். சொத்துச் சேதத்துக்குப் பதிவான முகவரி கேட்பார்கள், உங்களுக்கு அது கஷ்டம்தான். உங்கள் பெயரில் கனெக்ஷன் எடுங்கள், இந்த வாரமே.

மயிலாப்பூர் வாசகர்: சிலிண்டர் எக்ஸ்பைரி தேதி எங்கே பார்ப்பது?

கைப்பிடிக்குக் கீழ் உள்ள பட்டையில் ஒரு எழுத்தும் எண்ணும் இருக்கும். A என்றால் ஜனவரி முதல் மார்ச், B ஏப்ரல் முதல் ஜூன், அப்படியே D வரை. D-27 என்றால் 2027 அக்டோபர் முதல் டிசம்பருக்குள் மறுபரிசோதனை. அது எக்ஸ்பைரி இல்லை, பரிசோதனைக் கெடு. தாண்டியிருந்தால் வாங்காதீர்கள்.

போரூர் வாசகர்: பட்டையில் C-24 என்று போட்டிருக்கு. வெடிக்குமா?

மேலே பாருங்கள். கெடு முடிந்த சிலிண்டரை இறக்கியிருந்தால் நிறுவனம், டீலர் இருவருக்கும் எதிரான சான்று அது. போட்டோ எடுத்துவிட்டு மாற்றச் சொல்லுங்கள்.

அம்பத்தூர் வாசகர்: எக்ஸ்பைரி பற்றி யாராவது சொல்ல முடியுமா?

முடியாது, இரண்டு தடவை சொல்லியாயிற்று.

வேளச்சேரி வாசகர்: எங்கள் பிரிட்ஜ் கம்ப்ரசர் வெடித்து சமையலறை போச்சு. இந்தக் காப்பீட்டில் கேட்கலாமா?

இல்லை. பிரிட்ஜ் தயாரித்தவரைப் பிடியுங்கள், சட்டம் அதேதான். இங்கே கேஸ் மட்டும்.

ராயபுரம் வாசகர்: எங்கள் டிபன் கடையில் வீட்டு சிலிண்டர்தான், நீல சிலிண்டர் கட்டுப்படியாகவில்லை. பிரச்சினை வருமா?

வரும். விபத்தென்றால் பயனரின் தவறு என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவார்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வியாசர்பாடி வாசகி: சார், வழக்குக்கு எவ்வளவு செலவு ஆகும்? எங்கே போடுவது?

நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான மாவட்ட ஆணையத்தில். எத்தனை லட்சம் கேட்டாலும் அங்கேதான். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலையை வைத்தே எல்லை பிரிக்கிறார்கள், கேட்கும் தொகையை வைத்து அல்ல. அந்தக் கணக்கில் கட்டணமும் கிடையாது. விபத்து நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். காப்பீட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தே அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் உண்டு.

வியாசர்பாடி வாசகி: ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஏஜென்சியில் இருந்து நேற்று வேன் வந்து, வேறு சிலிண்டர் கொடுத்துவிட்டு அதை எடுத்துப் போய்விட்டார்கள். அம்மாதான் கையெழுத்துப் போட்டார்கள்.

சரி. என்ன எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று அந்தத் தாளின் நகலைக் கேளுங்கள். ஏஜென்சிக்கும் நிறுவனத்தின் பகுதி அலுவலகத்துக்கும் இன்றைக்கே எழுத்தில் கொடுங்கள்: அந்த சிலிண்டரைத் திறக்கவோ நிரப்பவோ கூடாது, அப்படியே வைத்திருக்க வேண்டும். பில்லில் சிலிண்டர் எண் இருந்தால் அதைக் குறிப்பிடுங்கள். ஒரு நகல் காவல் நிலையத்துக்கு. ரெகுலேட்டர் இன்னும் வீட்டில் இருக்கிறதா, பாருங்கள்.

வியாசர்பாடி வாசகி: இருக்கிறது சார். குமிழ் திறந்த நிலையில்தான் இருக்கிறது.

அதைத் தொடாதீர்கள். ஒரு போட்டோ எடுத்துவிட்டு, ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள்.