மாநில விலங்கு, மாநிலப் பறவை எல்லாம் எப்படி அதிகாரப்பூர்வமாகின்றன?

கேள்வி: மாநில விலங்கு, பறவை, மரம் என்று பட்டியல் போடுகிறார்களே, இவற்றை அறிவிப்பது யார்? சட்டமன்றத்தில் தீர்மானம் போடுவார்களா? அது எங்கே பதிவாகிறது?

சட்டமன்றம் வரை போக வேண்டியதில்லை. மாநில விலங்கைத் தேர்ந்தெடுப்பதற்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் எதுவும் கிடையாது. பெரும்பாலும் ஓர் அரசாணையோடு காரியம் முடிந்துவிடும். கோப்புகளோடு காலம் தள்ளிய அனுபவம் எனக்கு உண்டு. அதனால் அந்தத் தாளின் வழியாகவே சொல்கிறேன்.

தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் தமிழ் மறவன் என்ற வண்ணத்துப்பூச்சியை அரசு அறிவித்தது. ஆரஞ்சு நிறம், இறக்கை ஓரத்தில் அடர் பழுப்பு. மலைப்பகுதிகளில் கூட்டமாகப் பறக்கும். முதலில் வல்லுநர்கள் அடங்கிய பத்துப் பேர் குழு இரண்டு இனங்களைத் தேர்ந்து நிறுத்தியது. அவற்றுள் ஒன்று தமிழ் மறவன். அடுத்து, வனத்துறையின் தலைமை வன உயிரினக் காப்பாளர் அரசுக்குக் கடிதம் எழுதினார். மேற்குத் தொடர்ச்சி மலையில் காணப்படும் வண்ணத்துப்பூச்சி இனங்களில் இது ஒன்று, சில இடங்களில் மட்டுமே திரளாக இருக்கும் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். அதை ஏற்று, அப்போதைய சுற்றுச்சூழல் மற்றும் வனத்துறையின் முதன்மைச் செயலாளர் ஆணை பிறப்பித்தார். மகாராஷ்டிரம், உத்தராகண்ட், கர்நாடகம், கேரளம் ஆகியவை அதற்கு முன்பே தத்தம் வண்ணத்துப்பூச்சியை அறிவித்துவிட்டன. நாம் ஐந்தாவதாகப் போய்ச் சேர்ந்தோம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முன்மொழிவது களத்தில் உள்ள துறைத்தலைமை. முடிவெடுப்பது தலைமைச் செயலகம். துறைத்தலைவரின் கடிதம் எவ்வளவு விரிவாக இருந்தாலும் அது வெறும் கருத்துருதான். செயலகத்தில் அது கோப்பாகி, பிரிவிலிருந்து படிப்படியாக மேலே போய், ஒப்புதல் பெற்றுத் திரும்பிய பிறகே ஆணையாகும். அமைச்சர் மேடையில் அறிவித்தால்கூட, ஆணை வெளிவரும் வரை அது அறிவிப்பு மட்டுமே.

அரசாணையைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அதன் வடிவம் தெரிந்திருக்கும். மேலே சுருக்கம், துறையின் பெயர். அடுத்து ‘அரசாணை (நிலை) எண்’ என்று எண்ணும் நாளும். பிறகு ‘படிக்கப்பட்டது’ என்ற தலைப்பில், எந்தக் கடிதத்தின் பேரில் இந்த ஆணை பிறந்தது என்ற குறிப்பு. அதன்கீழ் ‘ஆணை’, எண்ணிட்ட பத்திகளாக. முடிவில் ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்று எழுதிச் செயலாளர் கையொப்பமிடுவார். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. மாநில அரசின் நிர்வாக நடவடிக்கை எல்லாம் ஆளுநர் பெயரில்தான் வெளிப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 166-ஆவது பிரிவு சொல்கிறது. கடைசியில் பெறுநர் பட்டியல். என்னைக் கேட்டால், ஆணையின் சுவாரசியமான பகுதி அதுதான். அரசிதழில் வெளியிடச் சொல்லி எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறைக்கு நகல் போயிருக்கிறதா என்பதை அங்கே பார்த்தால் தெரிந்துவிடும். ஆக, பதிவு என்பது ஒரே இடத்தில் இல்லை. மூல ஆணை துறையின் கோப்பில், நகல்கள் பெறுநர்களிடம், வெளியிட்டிருந்தால் அரசிதழிலும் இருக்கும். மாநிலச் சின்னங்களுக்கென்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்த பதிவேடு ஒன்றைத் தேடி அலையாதீர்கள்.

நல்ல ஆணை என்றால் உயிரினத்தின் அறிவியல் பெயர் அதில் இருக்கும். தமிழ் மறவனுக்கு ‘சிர்ரோக்ரோவா தாயிஸ்’ என்று குறித்திருக்கிறார்கள். ஊர்ப்பெயரை மட்டும் எழுதினால் எந்த இனம் என்ற தகராறு பின்னால் வரும். அறிவியல் பெயரும் கல்வெட்டு இல்லை. நமது மாநில விலங்கான வரையாடு வெகுகாலம் ‘ஹெமிட்ராகஸ்’ என்ற பேரினத்தில் இருந்தது. 2005-இல் மரபணு ஆய்வுக்குப் பிறகு ‘நீல்கிரிட்ராகஸ்’ என்று தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். பழைய பட்டியலில் பழைய பெயரைப் பார்த்துவிட்டு வேறு விலங்கோ என்று மலைக்க வேண்டாம்; விலங்கு மாறவில்லை.

ஆணை மாறுவதும் உண்டு. ஒன்றுபட்ட ஆந்திரத்தின் மாநிலப் பறவை பனங்காடை. மாநிலம் பிரிந்ததும் 2014-இல் தெலங்கானா அதைத் தன் பறவையாக அறிவித்துக்கொண்டது. ஆந்திரம் 2018-இல் கிளிக்கு மாறியது. ஆகவே பழைய பொது அறிவுப் புத்தகத்தில் ஆந்திரத்துக்கு எதிரே பனங்காடை இருந்தால் அது அச்சுப்பிழை அல்ல, அந்தக் காலத்து உண்மை.

இனி, தாளே இல்லாத சின்னங்களுக்கு வருவோம். தேசியப் பறவையாக மயிலை 1963-இலும், தேசிய விலங்காகப் புலியை 1973-இலும் ஏற்றுக்கொண்டார்கள் என்று பள்ளியில் படித்திருப்போம். 2019 ஜூலையில் மாநிலங்களவையில் இது குறித்துக் கேள்வி வந்தது. புலிக்கும் மயிலுக்கும் 2011 மே 30-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது, தேசிய மலர் என்று எதற்கும் அறிவிக்கை இல்லை என்று அரசுத் தரப்பில் பதில் வந்தது. தாமரை தேசிய மலர் என்று எத்தனை தேர்வுகளில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம்! பாடநூலிலும் இணையதளத்திலும் இருப்பதாலேயே ஒன்று அறிவிக்கப்பட்டதாகிவிடாது.

ஆணை இருந்துவிட்டால் பாதுகாப்பும் வந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. பனை 1978-இலிருந்து தமிழ்நாட்டின் மாநில மரம். அதற்குப் பிறகும் செங்கல் சூளைக்குப் பனை போய்க்கொண்டுதான் இருந்தது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்ற அறிவிப்பு 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில்தான் வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. வரையாட்டுக்குப் பாதுகாப்பு கிடைப்பது மாநில விலங்கு என்ற பட்டத்தால் அல்ல. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால். சின்னம் என்பது மரியாதை, சட்டம் என்பது வேறு.

நீங்களே சரிபார்க்க வேண்டுமென்றால், முதலில் tn.gov.in தளத்தில் அரசாணைகள் பகுதியில் துறையையும் ஆண்டையும் தேர்ந்து பாருங்கள். பழைய ஆணைகள் அங்கே கிடைப்பது அரிது. கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் கட்டணத்தோடு, துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘மாநிலப் பறவை எது?’ என்று கேட்காதீர்கள். பட்டியலிலிருந்து ஒரு வரியை எடுத்து எழுதி அனுப்பிவிடுவார்கள். ‘இன்ன பறவையை மாநிலப் பறவையாக அறிவித்த அரசாணையின் சான்றளிக்கப்பட்ட நகல், அரசிதழில் வெளியாகியிருந்தால் அதன் நாள்’ என்று ஆவணத்தைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வேறு துறையைச் சேர்ந்ததென்றால் ஐந்து நாளுக்குள் மனுவை அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். ‘அத்தகைய ஆணை இவ்வலுவலகத்தில் இல்லை’ என்று பதில் வந்தால் அதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அந்தப் பறவையைப் பற்றி எழுதும்போது ‘அரசு அறிவித்தது’ என்பதற்குப் பதில் ‘வழக்கத்தில் கருதப்படுகிறது’ என்று எழுதலாம்.